சாட்ல கொட்டினதை எக்ஸிட் ஃபாரத்துல எப்படி எழுதுறது?

அக்கா வணக்கம். சிங்கப்பூர்ல சாங்கி பக்கம் ஒரு ஃப்ரெயிட் கம்பெனில மூணு வருஷமா ஆபரேஷன்ஸ் கோஆர்டினேட்டரா இருக்கேன், பேசிக் 2,400 வெள்ளி. ரிசைன் பண்ணிட்டேன், வர்ற வெள்ளிக்கிழமை லாஸ்ட் டே. எச்ஆர்ல எக்ஸிட் இண்டர்வியூ ஃபாரம் அனுப்பி புதன்கிழமைக்குள்ள கேக்குறாங்க. ஃப்ரெண்டுகிட்ட வாட்ஸ்ஆப்ல நான் கொட்டினதை அப்படியே கீழ போடுறேன்.

"ராத்திரி பத்து மணிக்கு ரோஸ்டர மாத்துவான், கூப்பிட்டா ஓட நாம என்ன நாயா."
"நான் சொல்லிக் குடுத்த பையன் இன்னைக்கு எனக்கு சீனியர், ஜால்ரா அடிச்சா எல்லாம் கிடைக்கும்."
"டிரைவருங்க அத்தனை பேரும் நிக்கும்போது கத்துறான், மனுஷனே இல்ல."
"ஓவர்டைம் காசு ஒரு வெள்ளி கூட தரல, திருட்டுப் பசங்க."
"எச்ஆர் எல்லாம் டம்மி, சொன்னாலும் ஒண்ணும் நடக்காது."

இதை எப்படி டீசண்டா எழுதுறது? இல்ல "எல்லாம் ஓகே"னு போட்டுட்டு கிளம்பிடவா?

*

வணக்கம்மா. "எல்லாம் ஓகே"னு போட்டுட்டு கிளம்பாதீங்க. அதே சமயம் "டீசண்டா"ங்கிற வார்த்தை எனக்குக் கொஞ்சம் பயமா இருக்கு, ஏன்னா பதினெட்டு வருஷமா எச்ஆர்ல இருந்து இந்த ஃபாரங்களைப் படிக்கிறவ நான், திட்டி எழுதினதால வீணாப்போன ஃபாரத்தை விட டீசண்டா எழுதணும்னு விஷயத்தையே தொடைச்சு எடுத்துட்டதால வீணாப்போன ஃபாரம்தான் என் கைக்கு அதிகமா வந்திருக்கு. "கம்யூனிகேஷன் இம்ப்ரூவ் பண்ணலாம்", "வொர்க்லோட் கொஞ்சம் ஜாஸ்தி", அவ்வளவுதான் இருக்கும். அதைப் படிச்சுட்டு நான் யார்கிட்ட போய் என்ன கேக்க முடியும்? எடுக்க வேண்டியது கோபத்தை மட்டும்தான். விஷயம் சாட்ல இருந்ததை விட ஃபாரத்துல கூடவே இருக்கணும்.

அந்த விஷயம் உங்க போன்லயே இருக்கு. கோபத்துல அனுப்பின மெசேஜ்னு அதைத் தள்ளிடாதீங்க, அது நடந்த அன்னைக்கே எழுதினது, பக்கத்துல தேதியும் நேரமும் நிக்குது. அதனால எழுத உட்காருறதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் ஒதுக்கி, ஃப்ரெண்டு சாட்டையும் டீம் க்ரூப்பையும் மேல தள்ளிப் பார்த்து, கடைசி மூணு மாசத்துல என்னென்ன நடந்துச்சுனு ஒரு பேப்பர்ல தேதியோட எழுதிக்குங்க. ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ஃபாரத்தோட சேர்த்து அனுப்ப வேண்டாம், அதுல மத்தவங்க பேரும் கஸ்டமர் விவரமும் இருக்கும். உங்களுக்கு வேண்டியது தேதியும் எண்ணிக்கையும்தான்.

இன்னொண்ணு. ஃபாரம் இங்கிலீஷ்லதான் இருக்கும், ஆனா மொதல் ட்ராஃப்டை தமிழ்ல எழுதுங்க. நேரா இங்கிலீஷ்ல ஆரம்பிச்சா "டாக்ஸிக்", "மைக்ரோமேனேஜ்மெண்ட்"னு ரெடிமேட் வார்த்தைங்க முந்திக்கிட்டு வந்து நிக்கும், உங்களுக்கு உண்மையில என்ன நடந்துச்சோ அது அதுக்குப் பின்னாடி மறைஞ்சிடும். தமிழ்ல எழுதினா நடந்ததைச் சொல்லித்தான் ஆகணும், அப்புறம் மாத்திக்கலாம்.

இப்போ உங்க மொத வரிக்கு வருவோம். ரோஸ்டர் விஷயம்தான் அஞ்சுலயும் வலுவானது, அதனால அதை முழுசா எழுதிக் காட்டுறேன். அந்த வரியில மூணு கேள்வி கேளுங்க. எத்தனை தடவை நடந்துச்சு, அதனால வேலையில என்ன ஆச்சு, என்ன செஞ்சிருந்தா சரியாகியிருக்கும். முதல் கேள்விக்கு க்ரூப்ல எண்ணிப் பாருங்க, மூணு மாசத்துல பதினோரு தடவை, அதுல ஏழு தடவை ராத்திரி ஒன்பதரைக்கு மேலனு வந்துச்சுனு வெச்சுக்குவோம். ரெண்டாவது கேள்வியிலதான் எல்லாரும் வழுக்குறாங்க. "எனக்குத் தூக்கம் போச்சு, மனசு நொந்துச்சு"னு எழுதுவாங்க, அது உண்மைதான், ஆனா கம்பெனிக்கு அதுல பிடிச்சு இழுக்க ஒரு நூல் வேணும். ராத்திரி ஷிஃப்ட் மாறின அன்னைக்கு உங்களுக்கும் காலையில வர்றவருக்கும் நடுவுல ஹேண்டோவர் நடந்துச்சா? எந்த பெர்மிட் அப்ரூவ் ஆச்சு, எது பாக்கினு சொல்ல ஆள் இல்லாம யாராவது தவிச்சாங்களா? ஏர்லைன் கட்-ஆஃப் தவறி கார்கோ அடுத்த ஃப்ளைட்டுக்குப் போச்சா? நடந்திருந்தா மட்டும் எழுதுங்க, எத்தனை தடவைனும் போடுங்க. நடக்கலனா அந்த வரியை விட்டுடுங்க, ஒரு பொய் எண் இருந்தா மீதி பத்து உண்மையும் சந்தேகமாயிடும்.

எழுதி முடிச்சா இப்படி இருக்கும்:

"கடந்த மூன்று மாதங்களில் என் ஷிஃப்ட் பதினோரு முறை மாற்றப்பட்டது. அதில் ஏழு முறை, முந்தின நாள் இரவு 9.30க்கு மேல் வாட்ஸ்ஆப் குழுவில்தான் தெரிவிக்கப்பட்டது. அவற்றில் நான்கு நாட்கள் காலை ஷிஃப்டுக்கு ஹேண்டோவர் நடக்கவில்லை. இரண்டு ஷிப்மெண்ட் கட்-ஆஃப் நேரத்தைத் தவறவிட்டன. ரோஸ்டரை 48 மணி நேரத்துக்கு முன் முடிவு செய்து, அதற்குப் பிறகு மாற்றம் வந்தால் சம்பந்தப்பட்டவரை போனில் அழைத்துச் சம்மதம் கேட்டால் இந்தப் பிரச்சினை பெரும்பாலும் தீரும்."

பாருங்க, இதுல நாயும் இல்ல, "மாத்துவான்"னு ஏகவசனமும் இல்ல, ஆனா உங்க சாட் மெசேஜை விட இது பத்து மடங்கு காரமா இருக்கு. உங்க சூப்பர்வைசர் இதைப் படிச்சா "அந்தப் பொண்ணுக்குக் கோபம்"னு சொல்லித் தள்ள முடியாது, ரோஸ்டரை எடுத்துப் பார்த்துத்தான் பதில் சொல்லணும். "எப்பவும்", "ஒருநாள் கூட"ங்கிற ரெண்டு வார்த்தை மட்டும் எங்கயும் வரக்கூடாது. எப்பவும் லேட்டாத்தான் சொல்வாருனு நீங்க எழுதி, போன மாசம் ரெண்டு நாள் முன்னாடியே சொன்ன ஒரு மெசேஜை அவர் காட்டிட்டா, உங்க பதில் அங்கயே படுத்துடும்.

இது நடக்குமானு நீங்க நினைக்கலாம். நான் முன்ன வேலை பார்த்த ஒரு இடத்துல ஒரே டீமை விட்டு அடுத்தடுத்து ஆள் போய்க்கிட்டே இருந்தாங்க, ஃபாரத்துல எல்லாம் "டீம் லீட் சரியில்ல", "சப்போர்ட் இல்ல"னு இருக்கும், நாங்களும் ஃபைல் பண்ணி வெச்சுட்டோம். அப்புறம் ஒரு ஸ்டோர் கிளார்க் போகும்போது எழுதிக் குடுத்தாரு, "எனக்கு ரெண்டு நாள்தான் ட்ரெயினிங், மூணாம் நாள் தனியா ஸ்டாக் எண்ண விட்டாங்க, தப்பு வந்த அன்னைக்கு எல்லாம் டீம் லீட் கத்தினாரு, அவருக்கும் சொல்லிக் குடுக்க நேரம் இல்ல, ஏன்னா அவர் ரெண்டு ஆள் வேலை பார்த்துக்கிட்டு இருக்காரு"னு. அந்த ஒரு பத்தியைத்தான் நான் மேனேஜ்மெண்ட் மீட்டிங்குக்கு எடுத்துட்டுப் போக முடிஞ்சுது, ட்ரெயினிங் ரெண்டு வாரமாச்சு, டீம் லீடுக்குத் துணைக்கு ஒரு ஆளும் வந்துச்சு. அவருக்கு முன்னாடி போனவங்களும் அதே வேதனையைத்தான் பட்டிருப்பாங்க, ஆனா அவங்க எழுதினதுல எனக்குக் கையில எடுக்க எதுவும் இல்ல.

ரெண்டாவது வரி, அந்தப் பையன் விஷயம். இதுல பாதி உங்களுக்குத் தெரிஞ்சது, பாதி நீங்க ஊகிச்சது. நீங்க சொல்லிக் குடுத்தீங்க, அவர் சீனியர் ஆனார், இது ரெண்டும் நடந்தது. ஜால்ரா அடிச்சதாலதான் கிடைச்சதுங்கிறது ஊகம், அதை நிரூபிக்க உங்களால முடியாது, அதை எழுதினா படிக்கிறவங்களுக்குப் பொறாமைனுதான் தோணும். அந்தப் பையனை முழுசா விட்டுடுங்க, பதவி குடுத்தா வேண்டாம்னு யாரு சொல்லுவா, அவர் மேல தப்பில்ல. உங்க மனசு நொந்தது எதனாலனு யோசிச்சுப் பாருங்க, என்ன தகுதி பார்த்து எடுத்தாங்கனு யாரும் சொல்லல, புது ஆளுங்களைப் பழக்கிவிட்ட உங்க உழைப்பு அப்ரைசல்ல எங்கயுமே வரல, அதுதான? அப்போ அதை எழுதுங்க:

"இரண்டு ஆண்டுகளில் ஐந்து புதிய ஊழியர்களுக்குப் பயிற்சி அளித்தேன். இது என் அப்ரைசலில் கணக்கில் எடுக்கப்படவில்லை. சீனியர் கோஆர்டினேட்டர் பணிக்கு என்ன தகுதிகள் பார்க்கப்பட்டன என்பது டீமுக்கு அறிவிக்கப்படவில்லை. தெரிந்திருந்தால் நானும் விண்ணப்பித்திருப்பேன்."

எத்தனை பேர்ங்கிறது உங்க எண்ணிக்கை, மாத்திக்குங்க. நீங்க பாஸ்கிட்ட நேரடியா கேட்டிருந்தா அந்த மாசத்தையும் அவர் சொன்ன பதிலையும் ஒரு வரி சேருங்க. கேக்கவே இல்லனா "எனக்குச் சொல்லல"னு மட்டும் நிறுத்துங்க, "சொல்ல மறுத்துட்டாங்க"னு எழுதாதீங்க, ரெண்டும் வேற வேற.

மூணாவது, டிரைவருங்க முன்னாடி கத்துறது. இங்க நான் உங்களுக்கு நேர்மாறா ஒண்ணு சொல்லப்போறேன், இதை மென்மையாக்காதீங்க. "சூப்பர்வைசரோட கம்யூனிகேஷன் ஸ்டைல் இன்னும் மெருகேறலாம்"னு யாராவது எழுதிக் குடுத்தா வாங்காதீங்க, மனுஷியை நாலு பேர் முன்னாடி அவமானப்படுத்தினதை ஸ்டைல்னு சொல்லக்கூடாது. "மனுஷனே இல்ல"ங்கிறதை எடுத்துட்டு, ஒரே ஒரு நாளை, உங்களுக்கு நல்லா ஞாபகம் இருக்கிற நாளை எடுங்க. எந்தத் தேதி, லோடிங் பே பக்கமா ஆபீஸ் உள்ளயா, ஏறக்குறைய எத்தனை பேர் இருந்தாங்க, அவர் வாயில வந்த வார்த்தை என்ன. "இந்த மாசம் 4ஆம் தேதி மதியம், லோடிங் பேயில் ஆறு டிரைவர்கள் முன்னிலையில், ஆவணத் தவறுக்காக என்னை உரத்த குரலில் 'மூளை இருக்கா' என்று கேட்டார். அன்று முதல் டிரைவர்கள் என் அறிவுறுத்தலை ஏற்கத் தயங்கினர். தவறுகளைத் தனியாக அழைத்துச் சொல்லும்படி சூப்பர்வைசர்களுக்கு அறிவுறுத்த வேண்டும்." இந்த மாதிரி. பேரு வேண்டாம், "என் சூப்பர்வைசர்"னு போட்டா போதும், யாருனு அவங்களுக்குத் தெரியும். அந்த ஆவணத்துல தப்பு உங்களோடதா இருந்தா அதையும் மறைக்காம எழுதிடுங்க, தப்பு பண்ணினாலும் அப்படிக் கத்தக்கூடாதுங்கிறது அப்போதான் இன்னும் தெளிவா நிக்கும்.

ஆனா அவர் சொன்னதுல உங்க இனத்தையோ, பொண்ணுங்கிறதையோ வெச்சு ஏதாவது வந்திருந்தா, இல்ல மிரட்டல் இருந்திருந்தா, அது எக்ஸிட் ஃபாரத்துக்கான விஷயமே இல்ல. அதைத் தனி புகாரா எச்ஆருக்கு எழுத்துல குடுங்க, வேலை இடத்துல பாரபட்சம் பத்தின புகாரைப் பாக்குற டேஃபெப்புக்கும் போன் பண்ணி ஆலோசனை கேளுங்க. எக்ஸிட் ஃபாரத்தைப் பல கம்பெனிங்க சர்வே மாதிரி கூட்டிக் கழிச்சு வருஷக் கடைசில ஒரு ரிப்போர்ட்டாத்தான் பாக்குறாங்க, யாரும் அதை வெச்சு விசாரணை ஆரம்பிக்க மாட்டாங்க.

அதே காரணத்துக்காகத்தான் உங்க நாலாவது வரியையும் ஃபாரத்தை விட்டு வெளிய எடுக்கச் சொல்றேன். ஓவர்டைம், அதாவது ஓடி காசு கருத்து இல்லம்மா, கடன். நீங்க லாரி ஓட்டுற, சாமான் தூக்குற வேலை இல்ல, ஆபீஸ் வேலை, மேனேஜர் எக்ஸிகியூட்டிவும் இல்ல, பேசிக் 2,600 வெள்ளிக்குள்ள இருக்கு, அதனால வேலைச் சட்டத்துல ஓடி பத்தின பகுதி உங்களுக்குப் பொருந்தும். ஒரு மணி நேரக் கணக்கு எப்படினா, பேசிக் சம்பளத்தை 12 ஆல பெருக்கி, 52 தடவை 44னா வர்ற 2,288 ஆல வகுக்கணும். 2,400க்கு அது 12 வெள்ளி 59 காசு வரும், ஓடிக்கு ஒன்றரை மடங்குனா மணிக்கு 18 வெள்ளி 88 காசு. நீங்க மாசத்துக்குப் பத்து மணி நேரம் கூடுதலா இருந்து மூணு மாசம் காசு வரலனா 566 வெள்ளி, அதை "திருட்டுப் பசங்க"னு ஒரு வரியில எழுதிட்டு விட்டுட்டு வருவீங்களா?

தனி மெயில் போடுங்க, சுருக்கமா. எந்தெந்தத் தேதியில எத்தனை மணி வரைக்கும் இருந்தீங்க, எந்த மாசப் பே ஸ்லிப்ல ஓடி வரல, மொத்தம் எவ்வளவு, அவ்வளவுதான், கோபமே வேண்டாம். நோட்டீஸ் முழுசா பார்த்துட்டுப் போறவங்களுக்குக் கடைசி சம்பளம் லாஸ்ட் டே அன்னைக்கே வரணும், அதனால அதுலயே சேர்த்துக் குடுத்துட சொல்லிக் கேக்கலாம். வரலனா வேலையை விட்ட நாள்ல இருந்து ஆறு மாசத்துக்குள்ள, சம்பளத் தகராறைத் தீர்த்து வைக்கிற டி.ஏ.டி.எம்.ல க்ளெய்ம் போடணும். அந்த ஆறு மாசம் புது வேலை பரபரப்புல ஓடிப் போயிடும், நான் பார்த்திருக்கேன், காலண்டர்ல இப்பவே குறிச்சு வைங்க.

ஃபாரத்துல ஓடி பத்தி எதுவுமே வரக்கூடாதானு கேட்டா, ஒரு வரி வரலாம், "கூடுதல் நேரப் பணிக்கான ஊதியம் குறித்துத் தனியாக மின்னஞ்சல் அனுப்பியுள்ளேன்"னு. அவ்வளவு போதும்.

கடைசியா எங்களைப் பத்தி, எச்ஆர் டம்மி. இதைப் படிச்சப்போ எனக்கு வலிச்சுது, ஆனா நிறைய இடத்துல நீங்க சொல்றது நிஜம்தான்னும் தெரியும். உங்ககிட்ட நான் கேக்குறது ஒண்ணுதான், நீங்க எச்ஆர்கிட்ட ஏதாவது சொன்னீங்களா? சொல்லியிருந்தா, "மார்ச் மாதம் ரோஸ்டர் குறித்து எச்ஆரிடம் நேரில் தெரிவித்தேன், பதில் வரவில்லை"னு எழுதுங்க, அது எங்களுக்கே உறைக்கும், உறைக்கணும். "சொன்னாலும் நடக்காது"னு மனசுல நினைச்சுக்கிட்டுப் போகவே இல்லனா, அந்த வரியை விட்டுடுங்க. வேணும்னா ஏன் வரலங்கிறதை எழுதலாம், உதாரணமா புகார் குடுத்தா அது சூப்பர்வைசருக்கு அப்படியே போயிடும்னு டீம்ல பேச்சு இருந்துச்சுனா அது உபயோகமான தகவல், அதை எச்ஆர் தெரிஞ்சுக்கணும்.

அதுக்கு முன்னாடி எச்ஆர்கிட்ட ஒரு கேள்வி கேட்டுடுங்க, இந்த ஃபாரத்தை யாரெல்லாம் படிப்பாங்கனு. பெரிய கம்பெனினா பேரை எடுத்துட்டுத் தொகுப்பாங்க, இருபது பேர் இருக்கிற ஆபீஸ்ல அன்னைக்குச் சாயங்காலமே பாஸ் டேபிள்ல இருக்கும். கான்ஃபிடென்ஷியல்னு மேல போட்டிருந்தாலும் சரி, உங்க சூப்பர்வைசர் படிப்பாருனு நினைச்சே எழுதுங்க. நாளைக்கு உங்க புது கம்பெனில ரெஃபரன்ஸ் கேட்டு அவருக்கே போன் வரலாம், இந்தத் தொழில்ல எல்லாரும் சாங்கியில ஒருத்தரை ஒருத்தர் தெரிஞ்சவங்கதான். ஃபாரம் நிரப்பியே ஆகணும்னு சட்டம் எதுவும் கிடையாது, அதனால ஒரு கேள்விக்கு நிதானமா பதில் வரலனா வெறுமையா விட்டுடலாம்.

அந்த ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும் மார்க் போடுற கட்டம் இருக்குமே, அதுல எல்லாத்துக்கும் ஒண்ணு போட்டுட்டு வராதீங்க. எல்லாத்துலயும் ஒண்ணு இருந்தா எங்களுக்கு எது பிரச்சினைனே தெரியாது. கூட வேலை பார்த்தவங்க நல்லவங்கனா அங்க நாலு போடுங்க, ரோஸ்டருக்கு ஒண்ணு போட்டா அந்த ஒண்ணு அப்போதான் கண்ணுல படும். "இங்க பிடிச்சது என்ன"ங்கிற கேள்விக்கும் நிஜமா ஒண்ணு எழுதுங்க, மூணு வருஷத்துல ஒண்ணாவது இருக்கும், யாராவது ஒரு டிரைவர் அண்ணன் நேரத்துக்கு வந்து காப்பாத்தினது கூடச் சரிதான்.

இன்னைக்கு ராத்திரி எழுதி முடிச்சு மூடி வைங்க, காலையில எம்ஆர்டில போகும்போது போன்ல ஒரு தடவை படிங்க. எந்த வரியைப் படிக்கும்போது நெஞ்சு படபடக்குதோ அங்க இன்னும் கோபம் மிச்சம் இருக்கு, அந்த வரியில தேதி இருக்கா, ஆள் மேல பட்டம் ஏதாவது ஒட்டியிருக்கானு மட்டும் பாருங்க.

அனுப்புறதுக்கு முன்னாடி ஃபாரத்தோட கடைசிப் பக்கத்தைப் பொறுமையா படிங்க. சில கம்பெனிங்க அங்க, கம்பெனிகிட்ட இருந்து எனக்கு வர வேண்டியது எதுவும் பாக்கி இல்லைனு பொடி எழுத்துல ஒரு வரி வெச்சு அதுக்குக் கீழ கையெழுத்து கேப்பாங்க. அப்படி இருந்தா கையெழுத்துப் போடாதீங்க, அந்த வரியை அடிச்சுட்டு பக்கத்துல "ஓடி பாக்கி, மெயில் பார்க்கவும்"னு எழுதி தேதி போடுங்க. அவங்க அடிக்கக் கூடாதுனு சொன்னா, காசு வந்தப்புறம் கையெழுத்துப் போடுறேன்னு சொல்லிட்டு ஃபாரத்தை மட்டும் குடுங்க. அதனால ஓடி மெயில் புதன்கிழமைக்கு முன்னாடியே, செவ்வாய்க்கிழமை சாயங்காலத்துக்குள்ள போயிருக்கணும், உங்க சொந்த மெயில் ஐடிக்கும் ஒரு காப்பி வைங்க, வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆபீஸ் மெயிலை மூடிடுவாங்க.